கீழே போக அமுக்கினோம், லிஃப்ட் மேலே போனது: கரண்ட் போன நேரத்தில் நாலாவது மாடி அம்மா சொன்னது சரியா?

புதுக்குடித்தனம்

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அடுக்ககத்துக்கு இந்த மாதம் குடி வந்தோம். கீழே வண்டி நிறுத்தம், மேலே நாலு மாடி, எங்களுக்கு மூன்றாவது. லிஃப்ட் பழைய மாதிரி. உள்ளே கையால் இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு, வெளியே ஒவ்வொரு மாடியிலும் ஒரு இரும்புக் கதவு. உள்ளே தகட்டில் '6 நபர்கள், 408 கிலோ' என்று இருக்கிறது.

நேற்று காலை கடைக்குப் போக லிஃப்டில் ஏறினேன். மேலிருந்து ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும், கையில் வயர்கூடை. கட்டடம் கட்டிய நாளிலிருந்து இங்கேயே இருப்பவர் என்று பிறகு தெரிந்தது. நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"புதுசா வந்திருக்கிற தம்பியா? குழந்தை இருக்கில்ல?"

"ஆமாம்மா, பொண்ணு. மூணு வயசு."

"குழந்தையைத் தனியா இதுல ஏத்தாதீங்க. கம்பிக்குள்ள விரல் போயிடும்."

அவர் சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஃபேன் நின்றது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. சின்ன எமர்ஜென்சி விளக்கு மட்டும் எரிந்தது. எனக்குக் கை தானாகக் கம்பிக் கதவுக்குப் போனது.

"கை வைக்காதீங்க தம்பி! அதைத் திறந்தா இது நகராது."

"கரண்டே இல்லையேம்மா, எப்படி நகரும்?"

"பேட்டரி இருக்கு. இருபது வரைக்கும் எண்ணுங்க. மேல போகும் பாருங்க."

"நாம கீழதானே அமுக்கினோம்?"

"நாம ரெண்டு பேர்தானே, லேசு. பத்துப் பேர் இருந்தா கீழ போகும்."

எண்ணினேன். பதினாறு வந்தபோது லிஃப்ட் மெதுவாக, உண்மையிலேயே மேலே கிளம்பி மூன்றாவது மாடியில் நின்றது. ஒரு மணி அடித்தது. அவர் நிதானமாகக் கதவைத் திறந்து, "படியில போயிடலாம் வாங்க" என்றார்.

வெளியே வந்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. எடை குறைவாக இருந்தால் லிஃப்ட் மேலே போகும் என்பது நிஜமா? கதவைத் தொட்டால் நகராது என்பதும் நிஜமா? பெண் குழந்தையோடு தினமும் போய் வருகிறோம், அதனால் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மடிப்பாக்கம்வாசி

அதுக்குப் பேரு ஏ.ஆர்.டி. கரண்ட் போனா லிஃப்டைப் பக்கத்துல இருக்கிற மாடிக்குக் கொண்டுபோய் விடும். எங்க அபார்ட்மென்ட்லயும் இருக்கு. எடைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க மூணாவது மாடியை விட்டுக் கிளம்பின உடனே நின்னிருக்கும், அதுதான் கிட்ட, அதனால மேல போச்சு. அம்மா யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்லியிருக்காங்க.

புதுக்குடித்தனம்

இல்லைங்க, அதுதான் எனக்கும் இடிக்கிறது. இரண்டாவது மாடிக் கதவின் உட்பக்கம் பெயின்டில் '2' என்று எழுதியிருக்கும். நின்றபோது அந்த எண் கம்பி வழியாக என் வயிற்று உயரத்தில் தெரிந்தது. இரண்டாவது மாடித் தரை இரண்டடி கீழேதான் இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு எட்டடிக்கு மேல் ஏறி மூன்றாவதுக்குப் போனது.

மெஷின்ரூம்

பத்தொன்பது வருஷமா லிஃப்ட் சர்வீஸ்ல இருக்கேன். அந்த அம்மா சொன்னதுல 'பத்துப் பேர்' மட்டும்தான் தப்பு. மத்தது எல்லாம் சரி.

லிஃப்டுன்னா கிணத்து ராட்டினம் மாதிரி நினைச்சுக்குங்க. ஒரு பக்கம் நீங்க நிக்கிற கேபின், இன்னொரு பக்கம் கவுண்டர் வெயிட், நடுவுல மொட்டை மாடி மெஷின் ரூம்ல கப்பி. அந்தக் கவுண்டர் வெயிட்டை காலி கேபின் எடைக்குச் சமமா வைக்க மாட்டோம். கேபின் எடையோட, லிஃப்ட் தூக்குற எடையில ஏறக்குறைய பாதியையும் சேர்த்து வைப்போம். உங்க தகட்டுல 408 கிலோ போட்டிருக்கு. நம்ம ஊர்க் கணக்குல ஆளுக்கு 68 கிலோ, ஆறு ஆளுக்கு 408. அதுல பாதி 204. அதாவது ஆள் யாரும் இல்லாத நேரத்துல கவுண்டர் வெயிட் பக்கம் 204 கிலோ பாரம் கூட இருக்கும்.

இப்ப உங்க கதைக்கு வாங்க. நீங்க ஒரு 70, அம்மா ஒரு 55, கூடையோட சேர்த்து 130 வைங்க. அப்பவும் கவுண்டர் வெயிட் பக்கம் 74 கிலோ அதிகம். பிரேக்கை விட்டா அது கீழ இறங்கப் பார்க்கும், நீங்க மேல போவீங்க. நாலு பேர் ஏறியிருந்தா 272. உங்க பக்கம் பாரம் கூடும், கீழ போகும். பத்துப் பேர் வேண்டாம், நாலு பேர் போதும்.

ஏ.ஆர்.டி. பெட்டிக்குள்ள இருக்கிறது பேட்டரி. அதால கரண்ட் மாதிரி இழுக்க முடியாது. அதனால எந்தப் பக்கம் போனா சுலபம்னு பார்த்து, அந்தப் பக்கத்துல முதல்ல வர்ற மாடியில நிறுத்தும். கிட்ட இருக்கிற மாடி எதுன்னு அது பார்க்காது. மடிப்பாக்கம் சார் சொன்னது பாதி சரி, ஏன்னா எல்லா ஏ.ஆர்.டி.யும் இப்படித் திசை பார்க்காது. உங்களோடது பார்க்குது.

கதவு விஷயம் இதைவிட முக்கியம். கம்பிக் கதவு மேல் மூலையில ஒரு சின்ன கான்டாக்ட் இருக்கும். வெளிக் கதவு பூட்டுலயும் ஒண்ணு இருக்கும். எல்லா மாடிக் கதவும் சாத்தியிருந்தாத்தான் மோட்டாருக்கு உத்தரவு போகும். கரண்ட்ல ஓடினாலும் பேட்டரியில ஓடினாலும் அதே விதிதான். நீங்க கம்பிக் கதவை நாலு விரல் இழுத்திருந்தா கான்டாக்ட் விட்டிருக்கும், ஏ.ஆர்.டி. உங்களைக் காப்பாத்த வந்தும் நின்னிருக்கும். 'ஏ.ஆர்.டி. வேலை செய்யல'ன்னு எங்களுக்கு வர்ற போன்ல பல தடவை போய்ப் பார்த்தா, உள்ளே இருந்தவங்க பதட்டத்துல கதவை இழுத்துப் பிடிச்சுட்டு நின்னிருப்பாங்க.

கோவைக்காரி

எங்க அபார்ட்மென்ட்ல ஜெனரேட்டர் இருக்குதுங்க, லிஃப்டுக்கும் லைன் குடுத்திருக்காங்க. அப்ப ஏ.ஆர்.டி. வீண் செலவுதானுங்களே? மீட்டிங்ல பேட்டரி மாத்தறதுக்குப் பணம் கேக்கறாங்க.

மெஷின்ரூம்

வீண் இல்லீங்கம்மா. ஜெனரேட்டர் ஓடலைன்னா என்ன பண்ணுவீங்க? டீசல் இல்லாம, செல்ஃப் பேட்டரி இறங்கி, வாட்ச்மேன் சாவியைத் தேடி, இப்படி நிறைய பார்த்தாச்சு. இன்னொண்ணு, மூணு பேஸ்ல ஒண்ணு மட்டும் போனா லிஃப்ட் நின்னுடும். ஆனா மத்த பேஸ்ல விளக்கு எரியும், அதனால ஜெனரேட்டரை யாரும் போட மாட்டாங்க. லிஃப்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கும் 'லைட் எரியுதே, லிஃப்ட் ஏன் நிக்குது'ன்னு குழப்பம் வரும். அந்த நேரத்துல ஏ.ஆர்.டி.தான் கை கொடுக்கும்.

தரைத்தளம்

வணக்கம். இதே பொருள் தொடர்பாக எனக்கும் ஒரு வினா உண்டு. நான் தரைத்தளத்தில் வசிக்கிறேன். லிஃப்டை ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் லிஃப்டுக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். குடியிருப்போர் சங்கத்திடம் முறையிட்டும் பயனில்லை. இது நியாயமா?

மடிப்பாக்கம்வாசி

சார், இங்க பேசறது வேற. மொட்டை மாடித் தண்ணி டேங்க்கை உங்க வீட்டுக் குழாய் பயன்படுத்துதில்ல, அந்த மாதிரிதான் இதுவும்னு எங்க சங்கத்துல சொல்வாங்க. தனி இழை போடுங்க.

தரைத்தளம்

தண்ணீரும் லிஃப்டும் ஒன்றல்ல. சரி, தனியாகவே கேட்கிறேன்.

இரண்டுபிள்ளைஅம்மா

எங்க கதையைச் சொல்லணும். போன வருஷம் நானும் என் பெரியவனும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம். ஏ.ஆர்.டி. கிடையாது. நாப்பது நிமிஷம். வாட்ச்மேன் மேல் மாடிக் கதவை சாவி போட்டுத் திறந்தார். எங்க கேபின் தரை அந்த மாடித் தரைக்கு மூணடி கீழ இருந்துச்சு. பையனை முதல்ல தூக்கிக் கொடுத்தேன், அப்புறம் என்னைக் கை பிடிச்சு இழுத்தாங்க. எல்லாரும் அவரைப் பாராட்டினாங்க. நானும் காசு கொடுத்தேன். இப்ப இதைப் படிக்கும்போது ஏதோ உறுத்துது. நாங்க செஞ்சது சரிதானா?

மெஷின்ரூம்

அம்மா, நீங்களும் பையனும் நல்லா இருக்கீங்க, அது போதும். ஆனா கேட்டதால சொல்லியே ஆகணும். அந்த நேரத்துல மெஷின் ரூம்ல மெயின் சுவிட்சை அணைச்சாங்களா? அணைக்காம இருந்து, பாதி உடம்பு வெளிய இருக்கும்போது கரண்ட் வந்து, கதவுக் கான்டாக்டும் பழுதா இருந்திருந்தா கேபின் நகர்ந்திருக்கும். நடுவுல மாட்டின ஆளுக்குப் பிழைக்க வழியே இல்ல.

உங்களுக்காவது கேபின் தரை கீழ இருந்துச்சு, மேல ஏறி வந்தீங்க. இதுக்கு நேர்மாறு இன்னும் மோசம். கேபின் தரை, மாடித் தரைக்கு மூணடி மேல நின்னா ஆளுங்க குதிச்சு இறங்கப் பார்ப்பாங்க. கேபினுக்கு அடியில அந்த மூணடியும் திறந்த பள்ளம். குதிச்ச வேகத்துல பின்னால சாஞ்சா கால் அந்தப் பள்ளத்துக்குள்ள போகும், ஆள் நேரா அடியில இருக்கிற குழிக்குப் போயிடுவார். கேபின் வாசப்படிக்குக் கீழ ஒரு தகடு தொங்கணும், பள்ளத்தை மறைக்க. பழைய லிஃப்ட் பலதுல அது ஒரு சாண்கூட இருக்காது. ரோப் அறுந்துடுமோன்னுதான் ஜனங்க பயப்படறாங்க. ரோப் ஒண்ணு இல்ல, மூணோ நாலோ இருக்கும். வேகம் கூடினா தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற பிடியும் கேபினுக்கு அடியில இருக்கு. 1854ல நியூயார்க்ல ஓட்டிஸ், தான் நின்ன மேடையோட கயிறை வெட்டச் சொல்லிக் காட்டினது இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான். உள்ளே நிக்கிற ஆளுக்கு ஆபத்து குறைவு. வெளிய வர அவசரப்படறவருக்குத்தான் ஆபத்து.

சரியான முறை இது. மெயினை அணைச்சு, மெஷின் ரூம்ல ஒருத்தர் பிரேக்கை விட, இன்னொருத்தர் சக்கரத்தைக் கையால சுத்தி, கேபினை மாடி மட்டத்துக்குக் கொண்டுவரணும். அதுக்கப்புறம்தான் கதவு. அதுவும் பயிற்சி எடுத்தவங்க செய்யணும். அவங்க வர்ற வரைக்கும் உள்ளே உக்காந்திருக்கிறதுதான் நல்லது. மூச்சு முட்டாது, எந்த லிஃப்ட் கேபினும் காத்துப் புகாத டப்பா இல்ல.

இரண்டுபிள்ளைஅம்மா

மெயினை யாரும் அணைக்கல. வாட்ச்மேன் தனியா இருந்தார், மேல போகவே இல்ல. இன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. சங்கத்துல கட்டாயம் பேசறேன்.

புதுக்குடித்தனம்

மெஷின்ரூம் ஐயாவுக்கு நன்றி. இதையெல்லாம் நாலாவது மாடி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். அவருக்கு இன்னொரு கவலை. பேட்டரி போட்டு நாலு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். "அன்னைக்கு இருபது எண்ணச் சொன்னேன், ஆனா எனக்கே மனசுக்குள்ள பக்குனுதான் இருந்துச்சு" என்றார். சர்வீஸ் ஆள் ஒவ்வொரு முறையும் காலி லிஃப்டில் சோதித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போகிறாராம். அப்படியானால் பரவாயில்லையா?

மெஷின்ரூம்

அம்மாவோட கவலை நியாயமானது. மொட்டை மாடி மெஷின் ரூம் வெயில்ல பேட்டரி ரெண்டு மூணு வருஷம் தாங்கினா பெரிசு.

காலி லிஃப்டுல சோதிக்கிறது ஏன் போதாதுன்னு மேல போட்ட கணக்கை வச்சே பாருங்க. காலியா இருந்தா 204 கிலோ கவுண்டர் வெயிட் தானே இழுத்துட்டுப் போகும். பிரேக்கைத் திறந்து பிடிக்கத் தெம்பிருந்தா போதும், செத்துக்கிட்டிருக்கிற பேட்டரியும் பாஸ் ஆயிடும். கஷ்டமான பரீட்சை எதுன்னா, ரெண்டு பக்கமும் சமமா இருக்கும்போது. உங்க லிஃப்டுக்கு அது மூணு ஆள். பாரம் எந்தப் பக்கமும் உதவாது, மோட்டார்தான் முழுசா சுத்தணும். அதுவும் நிஜத்துல அடிக்கடி வர்ற நிலைமை, ஒரு குடும்பம் ஏறினா மூணு பேர்தானே.

ஆளை ஏத்திச் சோதிக்காதீங்க. 20 லிட்டர் தண்ணி கேன் பத்து ஏத்துங்க, 200 கிலோ ஆச்சு. கேபினை ரெண்டு மாடிக்கு நடுவுல ஓடவிட்டு, சர்வீஸ் ஆளை வச்சு லிஃப்டுக்கு வர்ற சப்ளையை அணைக்கச் சொல்லுங்க. எந்த சுவிட்சுங்கிறது முக்கியம். சில இடத்துல மெயினை அணைச்சா ஏ.ஆர்.டி.யும் சேர்ந்து அணையும், அப்ப சோதனையே தப்பாயிடும். நல்ல பேட்டரின்னா ஒரே சீரா ஓடி மட்டத்துல நிக்கும். பலவீனமா இருந்தா கிளம்பி, ஒரு அடி போய், திணறி நிக்கும், இல்லைன்னா மணி மட்டும் அடிக்கும்.

கோவைக்காரி

பத்து கேன் கணக்கு எங்க லிஃப்டுக்கும் சரியா வருங்களா? எங்களது எட்டுப் பேர் லிஃப்டுங்க.

மெஷின்ரூம்

எட்டுப் பேர்னா 544 கிலோ, பாதி 272. பதிமூணு கேன் வைங்கம்மா. கவுண்டர் வெயிட் எல்லா இடத்துலயும் சரியா பாதி இருக்காது, கொஞ்சம் குறைச்சும் வைப்பாங்க. சர்வீஸ் ஆளுக்குத் தெரியும், கேட்டுட்டு ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சுப் பாருங்க.

புதுக்குடித்தனம்

ஞாயிற்றுக்கிழமை செய்தோம். கேன் போடும் பையன் கூடவே இருந்து பத்தையும் அடுக்கிக் கொடுத்தான். சர்வீஸ் ஆள் முதலில் தயங்கினார், அம்மா பக்கத்தில் நின்றதும் ஒத்துக்கொண்டார்.

முதலில் காலியாக விட்டுப் பார்த்தோம். சப்ளையை அணைத்ததும் அழகாக மேலே போய் நின்றது. பிறகு கேன்களோடு. கிளம்பியது. நான் மூன்றாவது மாடிக் கதவில் இருக்கும் நீள்சதுரக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபினின் கூரை தெரிந்தது, பிறகு நீலக் கேன்களின் மூடிகள் வரிசையாக ஏறி வந்தன, அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருந்த எமர்ஜென்சி விளக்கும் மங்கியது. மட்டத்துக்கு இன்னும் ஒன்றரை அடி இருந்தது. கரண்டைப் போட்டபிறகுதான் நகர்ந்தது.

அன்றைக்கு என் மனைவியும் குழந்தையும் கூட இருந்திருந்தால் அந்த ஒன்றரை அடியில் நின்றிருப்போம். நான் கதவை இழுத்திருப்பேன். பேட்டரிக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. செலவை வீட்டு உரிமையாளர்கள் ஏற்பதா, வாடகைக்கு இருப்பவர்கள் பராமரிப்புப் பணத்தில் கொடுப்பதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மடிப்பாக்கம்வாசி

நான் தப்பா சொன்னதை ஒத்துக்கறேன். எங்களது 2019ல போட்ட பேட்டரி. இந்த வாரமே கேன் ஏத்திப் பார்க்கிறேன். அதோட ஒரு யோசனை: அந்தக் கம்பிக் கதவை எடுத்துட்டு ஆட்டோமேட்டிக் கதவா மாத்திடுங்க. குழந்தை விரல் பயமும் போகும், யாரும் இழுக்கவும் மாட்டாங்க.

புதுக்குடித்தனம்

அதையும் அம்மாவிடம் லிஃப்டிலேயே கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. கம்பி இருக்கிறதால எங்க நிக்கறோம்னு கண்ணுக்குத் தெரியுது. கத்தினா வெளிய கேக்குது. மூடின பெட்டியில நான் ஏற மாட்டேன்."

"பாப்பா விரல்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. தரைத்தளம் வந்தது. கம்பிக் கதவை இழுக்கும்முன் என் மகளின் இரண்டு கையையும் தன் ஒரு கைக்குள் பிடித்துக்கொண்டார். "நாளைக்குப் பேசுவோம்" என்றார்.

மெஷின்ரூம்

ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. மாத்தறதா இருந்தா சுவர் அகலம் போதுமான்னு முதல்ல அளந்து பார்க்கணும், பழைய லிஃப்ட் குழியில பல இடத்துல போதாது. உள் அகலத்தையும் வாசல் அகலத்தையும் அளந்து இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன். அது வரைக்கும் கம்பிக் கதவுக்கு உள் பக்கம், குழந்தை உயரத்துக்கு மெல்லிசான வலை அடிக்க முடியுமான்னு சர்வீஸ் ஆளைக் கேளுங்க. கதவு மடங்கறதுக்கு அது இடைஞ்சலா இருக்கக் கூடாது.